12.6 எப்படி 126 ஆனது: ஒரு குளுக்கோமீட்டர் திரையைப் படிக்கத் தவறிய மூன்று மாதங்கள்

பின்னணி

நான் காவிரிப் படுகையில் உள்ள ஒரு நகரத்தில், சர்க்கரை நோய்க்கான தனியார் மருத்துவகம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். நோயாளிகள் வீட்டில் எடுக்கும் சுகர், பிரஷர் அளவுகளை வாட்ஸ்அப் வழியாகப் பெற்று அவரவர் அட்டையில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. கீழே வருவது அப்படி வந்த எண்கள் தவறாகப் படிக்கப்பட்ட ஒரு நிகழ்வு. தவறு நோயாளியின் வீட்டில் தொடங்கியது. அதைப் பிடித்திருக்க வேண்டிய இடம் என் மேசை.

நோயாளி 67 வயதுப் பெண்மணி. பதினான்கு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன். மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேரன் ஆகியோருடன் ஊரிலேயே இருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், கண் பார்வை மட்டும் மங்கல். அதனால் விரலில் குத்திக்கொள்வது அவர், திரையைப் பார்த்து நோட்டில் எழுதுவது பேரன் என்று வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது.

அக்டோபரில் வெறும் வயிற்றுச் சுகர் 150 முதல் 170 வரை இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.9 சதவீதம். மருத்துவர் மாத்திரைகளை மாற்றவில்லை. டிசம்பரில் ரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருந்ததால் டெல்மிசார்ட்டனை 40 மில்லிகிராமிலிருந்து 80 ஆக்கினார். இந்த மாற்றம் பின்னால் கதைக்குள் வருகிறது.

பொங்கலுக்கு லண்டனிலிருந்து மகள் வந்தார். வீட்டிலிருந்த பழைய குளுக்கோமீட்டருக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துபோய் இரண்டு மாதமாக அது அலமாரியில் கிடந்தது. மகள் அங்கே மருந்துக்கடையில் வாங்கிய புதிய மெஷினையும் நூறு ஸ்ட்ரிப்களையும் அம்மாவிடம் கொடுத்து, எப்படிக் குத்த வேண்டும், எவ்வளவு ரத்தம் வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அவர் வாழும் நாட்டில் சுகரை வேறு அலகில் அளக்கிறார்கள். அவருக்கு அது அன்றாடம், தனியாகச் சொல்ல வேண்டிய செய்தியாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

பிப்ரவரி: நோட்டில் ஏறிய எண்கள்

பிப்ரவரி முதல் வாரத்தில் பேரனிடமிருந்து எனக்கு மூன்று எண்கள் வந்தன: 86, 91, 88. மூன்றும் வெறும் வயிற்றில் எடுத்தவை. படம் இல்லை, அலகு இல்லை, எண்கள் மட்டும். அக்டோபரில் 160ஐ ஒட்டி இருந்தவருக்கு இது நல்ல இறக்கம். "நன்றாக இருக்கிறது, இதையே தொடருங்கள்" என்று பதில் எழுதினேன். எப்படி இறங்கியது என்று கேட்கவில்லை. மாத்திரை மாறவில்லை, உணவு மாறியதாகவும் யாரும் சொல்லவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் எழுபது அளவு குறைந்திருந்தது. அந்தக் கேள்வியை அன்றே எழுப்பியிருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டியிருக்காது.

மெஷினின் திரையில் உண்மையில் தெரிந்தவை 8.6, 9.1, 8.8.

பேரனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய மெஷினில் அவன் ஒருபோதும் புள்ளியைப் பார்த்ததில்லை. புதிய மெஷினில் புள்ளி கடைசி இலக்கத்துக்கு முன்னால், அடிக்கோட்டை ஒட்டி, எள்ளளவில் இருக்கிறது. அதைத் திரையில் படிந்த தூசி என்றோ, ஒளிர்வுக் கோளாறு என்றோ எடுத்துக்கொள்வது இயல்பு. "சுகர் எட்டு, ஒன்பது என்றெல்லாம் இருக்காது இல்லையா சிஸ்டர், அதனால் எண்பத்தாறு என்றுதான் நினைத்தேன்" என்று அவன் பின்னர் சொன்னான். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் அந்த வாதம் சரி.

பிப்ரவரி இறுதியில் அந்த அம்மா மருத்துவகத்துக்கு நேரில் வந்தார். காலை பதினொரு மணி வாக்கில் தலை சுற்றுகிறது என்றார். காலையில் கிளிமிபிரைடு, நோட்டில் 86, 91, பதினொரு மணிக்குத் தலைச்சுற்றல். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவரும் சுகர் தாழ்ந்துபோகிறது என்றே எண்ணுவார். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாடு தாமதமானால் சுகரைக் கீழே இழுத்துவிடும். 67 வயதில் அப்படித் தாழ்ந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதைவிடச் சுகர் கொஞ்சம் கூடுதலாக இருப்பது மேல். எனவே மருத்துவர் கிளிமிபிரைடை 1 மில்லிகிராமாகக் குறைத்தார். அவர் முன் இருந்த எண்களுக்கு அது சரியான முடிவு. அந்த எண்களை அவர் முன் வைத்தது நான்.

மார்ச், ஏப்ரல்

மார்ச்சில் 104, 112, 119 என்று வந்தன. மாத்திரையைக் குறைத்ததற்குச் சிறிது ஏறும் என்று எதிர்பார்த்தோம், ஏறியது. எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. ஏப்ரலில் 126. ஒருநாள் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 172. இவையும் நாங்கள் அமைதியாக ஏற்கும் எல்லைக்குள் இருந்தன.

வீட்டிலும் ஒரு தளர்வு வந்திருந்தது. சுகர் இறங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியில் மாலைக் காபியில் சர்க்கரை திரும்பியது. ஏப்ரலில் மாம்பழம். யாரும் ஏமாற்றவில்லை. நோட்டு சொன்னதை நம்பினார்கள், நான் அதற்கு ஒப்புதல் கொடுத்திருந்தேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மருமகள் தொலைபேசியில் அழைத்தார். வலது காலின் பெருவிரலுக்கு அடியில் முள் குத்திய இடம் மூன்று வாரமாக ஆறவில்லை, அத்தை இரவில் நான்கைந்து முறை எழுந்து போகிறார், மெலிந்தும் இருக்கிறார் என்றார். ஆறாத புண், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு. மூன்றும் சுகர் ஏறிக் கிடப்பதன் அடையாளங்கள். நோட்டோ வேறு கதை சொன்னது.

முரண்பாடு

அன்றே வரச் சொன்னோம். எச்பிஏ1சி 9.6 சதவீதம் என்று வந்தது. இந்தச் சதவீதத்தைச் சராசரிச் சுகராக மாற்ற ஒரு கணக்கு உண்டு: சதவீதத்தை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழிக்க வேண்டும். 9.6க்கு அது ஏறத்தாழ 229. நோட்டின்படி சராசரி 120ஐ ஒட்டித்தான் இருந்திருக்க முடியும். இவ்வளவு இடைவெளியைச் சிறு பிழை என்று தள்ளிவிட முடியாது.

எனக்கு முதலில் தோன்றிய விளக்கங்களை வரிசையாகச் சொல்கிறேன், ஏனெனில் அவற்றில் எதுவுமே உண்மையான காரணம் இல்லை. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்து ஈரம் பட்டிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மூடி இறுக்கமாக இருந்தது, காலாவதித் தேதியும் தாண்டவில்லை. ரத்தசோகை எச்பிஏ1சியைத் திரித்திருக்கலாம் என்று மருத்துவர் பார்த்தார். ஹீமோகுளோபின் 12.1 இருந்தது. அடுத்ததாக, எழுதுவதற்கு இப்போதும் வருந்துகிறேன், அவர்கள் நல்ல எண்களை மட்டும் பொறுக்கி அனுப்புகிறார்களோ என்று சந்தேகித்தேன். சுகர் நோட்டில் இது நடப்பதுண்டு. இந்த வீட்டில் நடக்கவில்லை.

மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். எனவே மறுநாள் காலை எடுக்கும் அளவை எழுதாமல், திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.

இரண்டு படங்கள்

முதல் படம் காலை ஏழு மணிக்கு முன் வந்தது. கைப்பேசியின் ஃபிளாஷ் எரிந்திருந்ததால் திரையின் கீழ்ப்பாதி வெள்ளையாக வெளுத்துப்போயிருந்தது. பெரிய இலக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன: 1, 3, 1. அலகு எழுதியிருக்கும் மூலை வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. புள்ளி இருக்க வேண்டிய இடமும் அதே வெளுப்புக்குள். நானும் அதை 131 என்றே படித்தேன்.

என்னை நிறுத்தியது திரையின் மேல் மூலையில் இருந்த நேரம். 1:12 என்று காட்டியது. அந்த அம்மாவை அழைத்து, "அம்மா, நடுராத்திரியிலா குத்திப் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "இல்லையம்மா, எழுந்து பல் விளக்கிவிட்டு, காபிக்கு முன்னால் இப்போதுதான் பார்த்தேன்" என்றார். படம் எனக்கு வந்து சேர்ந்த நேரம் 6:43.

1:12க்கும் 6:42க்கும் இடையே ஐந்தரை மணி நேரம். குளிர்காலத்து லண்டன் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் உள்ள இடைவெளி அது. மெஷின் எங்கே வாங்கியது என்று அப்போதுதான், மூன்று மாதம் கழித்து, முதன்முறையாகக் கேட்டேன்.

பேரனிடம் இரண்டாவது படம் கேட்டேன். "தம்பி, ஃபிளாஷை அணைத்துவிடு. ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, மெஷினைச் சற்றுச் சாய்த்து, திரை முழுவதும் தெரிகிற மாதிரி எடு." மெஷினின் நினைவிலிருந்து அதே அளவை மீண்டும் வரவழைத்து எடுத்தான். இம்முறை எல்லாம் தெரிந்தது: `13.1`, அதன் கீழே சிறிய எழுத்தில் `mmol/L`.

இரண்டு அலகுகள்

இந்தியாவில் குளுக்கோமீட்டர்கள் காட்டும் அலகு `mg/dL`. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் கரைந்திருக்கிறது என்ற எடைக் கணக்கு. அமெரிக்காவிலும் இதுவே. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் `mmol/L` வழக்கம். இது எடையைச் சொல்லாமல், ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் குளுக்கோஸ் என்று மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. நம் குடும்பங்களில் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் நாடுகள் பல இந்த இரண்டாவது பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றை மற்றொன்றாக்குவது கடினமில்லை. ஒரு மில்லிமோல் குளுக்கோஸின் எடை 180 மில்லிகிராம். ஒரு லிட்டரில் 180 மில்லிகிராம் என்றால், அதில் பத்தில் ஒரு பங்கான டெசிலிட்டரில் 18 மில்லிகிராம். ஆகவே திரையில் உள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் கிடைக்கும். மனக்கணக்காகப் போட, முதலில் 20ஆல் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒன்றைக் கழிக்கலாம். 13.1ஐ இருபதால் பெருக்கினால் 262, அதில் 26ஐக் கழித்தால் 236.

அந்த அம்மாவின் காலைச் சுகர் 131 அல்ல, 236.

புள்ளியே இதில் முக்கியமான அடையாளம். மில்லிமோலில் காட்டும் மெஷின் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தைக் காட்டும். 9 ஆக இருந்தாலும் 9.0 என்றே காட்டும். மில்லிகிராமில் காட்டும் மெஷினில் புள்ளியே வராது. திரையில் புள்ளி இருந்தால் 18ஆல் பெருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளபடி படிக்கலாம். மெஷினைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த விதி போதும். படத்தைப் பார்ப்பவருக்குப் போதாது, ஏனெனில் படத்தில் புள்ளி அழிந்துபோகலாம் என்பதை இதோ பார்த்துவிட்டோம். படத்தில் புள்ளி தெரியவில்லை என்பதும் புள்ளி இல்லை என்பதும் ஒன்றல்ல. அலகு எழுத்தும் சேர்ந்து தெரிந்தால்தான் எண்ணை நம்பலாம்.

இந்தப் பிழை ஏன் மூன்று மாதம் ஒளிந்திருந்தது

நோட்டை மறுபடி எடுத்து ஒவ்வோர் எண்ணையும் திருத்தினேன். பிப்ரவரியின் 86, 91, 88 உண்மையில் 155, 164, 158. அக்டோபரில் இருந்த அதே அளவு. சுகர் இறங்கவே இல்லை, அலகுதான் மாறியிருந்தது. மார்ச்சின் 104, 112, 119 உண்மையில் 187, 202, 214. ஏப்ரலின் 126 உண்மையில் 227. சாப்பாட்டுக்குப் பின் எடுத்த 172 உண்மையில் 310.

இங்கே இருக்கும் சூட்சுமத்தை நான் இதற்குமுன் யோசித்ததில்லை. புள்ளியை விட்டுவிட்டுப் படிப்பது எண்ணைப் பத்தால் பெருக்குவதற்குச் சமம். பெருக்க வேண்டியது பதினெட்டால். எனவே தவறாகப் படித்த எண் எப்போதும் உண்மையில் பாதிக்குச் சற்று மேல் நிற்கும். சுகர் கட்டுப்பாடின்றி இருப்பவரிடம் 160 முதல் 300 வரையான அளவுகள்தான் வரும். அவை பாதியாகும்போது 90 முதல் 170 வரை வந்து விழுகின்றன. நாங்கள் நோயாளிகளிடம் எதிர்பார்க்கும் நல்ல எண்கள் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

மாறாக, சுகர் நன்றாக இருக்கும் ஒருவரிடம் இதே பிழை நடந்திருந்தால் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். அவருக்கு 5.2 என்று வரும். உண்மையில் 94. புள்ளியை விட்டால் 52. 52 என்று ஒரு செய்தி வந்தால் நான் அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்திருப்பேன். ஆக, இந்தப் பிழை நலமாக இருப்பவரை அலறவைக்கும், நோய் முற்றுபவரை நலமாகக் காட்டும். யாருக்கு எச்சரிக்கை தேவையோ அவரிடம் மட்டும் அது சத்தமில்லாமல் இருக்கிறது.

இறங்கும் பக்கத்திலும் ஆபத்து உண்டு. 3.9க்குக் கீழே, அதாவது 70க்குக் கீழே போனால் தாழ்சுகர். திரையில் 3.6 வந்தால் அது 65. பதினைந்து கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டிய நிலை. அதை 36 என்று படித்தால் வீடே பதறி, மயங்காத ஒருவர் வாயில் சர்க்கரையாக அள்ளிப் போடும்.

தீர்மானங்களும் காரணங்களும்

அன்று பிற்பகலே மெஷினோடு அவர்களை வரவழைத்தோம். மெஷின் சரியாக அளக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அலகுப் பிழையைக் கண்டுபிடித்த பரபரப்பில் மெஷினே பழுதாக இருக்கும் வாய்ப்பை மறந்துவிடக் கூடாது. கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்த பின், அவர்கள் மெஷினில் ஒருமுறை, எங்கள் மெஷினில் ஒருமுறை குத்திப் பார்த்து, அதே நேரத்தில் கை நரம்பிலிருந்தும் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அவர்கள் மெஷின் 14.2 காட்டியது, அதாவது 256. எங்கள் மெஷின் 248. ஆய்வகம் 241. குளுக்கோமீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரவிதி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலகலை ஏற்கிறது. 256 அதற்குள் நன்றாகவே அடங்குகிறது. மெஷின் மூன்று மாதமும் உண்மையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து அந்தத் தலைச்சுற்றல். சுகர் ஒருநாளும் தாழவில்லை என்றால், பதினொரு மணிக்கு ஏன் சுற்றியது? மருத்துவர் அந்த அம்மாவிடம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். தரையில் அரிவாள்மனையை வைத்து உட்கார்ந்து மதியச் சமையலுக்குக் காய் நறுக்குவாராம். எழும்போதுதான் சுற்றும். உட்கார்ந்திருக்கும்போது ஒருநாளும் சுற்றியதில்லை. பிப்ரவரியில் எந்த நேரம் என்று கேட்டோம், என்ன செய்யும்போது என்று கேட்கவில்லை.

உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தபோது 126/74. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 102/62. மேல் எண் 20க்கு மேல் விழுந்தாலே அது நிற்கும்போது ஏற்படும் அழுத்தத் தாழ்வு. டிசம்பரில் டெல்மிசார்ட்டன் இரட்டிப்பானது ஒரு காரணம். ஏறிய சுகர் சிறுநீராக நீரை இழுத்துக்கொண்டு போய் உடலை வற்றவைத்தது பின்னால் சேர்ந்த காரணம்.

வீட்டு பிரஷர் மெஷினின் படங்கள் எனக்குத் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தன. `SYS` எதிரே 118, `DIA` எதிரே 70, `PULSE` எதிரே 82 என்பதுபோல. மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், நடு எண் அது விரியும்போது உள்ள அழுத்தம், இரண்டும் பாதரச மில்லிமீட்டரில். மூன்றாவது எண் அழுத்தமே அல்ல, ஒரு நிமிடத்து நாடித்துடிப்பு. அந்தப் படங்களில் அலகும் சரி, எண்களும் சரி. ஆனால் எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தவை. நிற்கும்போது நடப்பதை அவை காட்டியிருக்க வழியில்லை.

மருத்துவர் டெல்மிசார்ட்டனை 40க்குத் திருப்பினார். கிளிமிபிரைடை மீண்டும் 2 ஆக்கி, மெட்ஃபார்மினைப் படிப்படியாகக் கூட்டினார். சிறுநீரில் கீட்டோன் இல்லை என்று பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார். காலில் புண்ணைச் சுத்தம்செய்து, வாரம் இருமுறை கட்டு மாற்ற ஏற்பாடு. அந்தக் காலை ஊன்றி நடப்பதைக் குறைக்க மிருதுவான செருப்பு.

மெஷினை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஐம்பதுக்கு மேல் ஸ்ட்ரிப் மிச்சம், மெஷினில் பழுதில்லை, பேரன் இப்போது 18ஆல் பெருக்கக் கற்றுக்கொண்டுவிட்டான், எனவே தொடரலாம் என்பது குடும்பத்தின் எண்ணம். அமைப்பை மாற்றி மில்லிகிராமில் காட்ட வைக்கலாமா என்றும் பார்த்தோம். அந்த மாடலில் அலகு தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருந்தது. தவறுதலாக அலகு மாறிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

அதை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பேரன் தேர்வுக்குப் போயிருக்கும் ஒரு நாளில் மருமகள் பார்க்க நேரும். இரவில் மயங்கி 108 ஆம்புலன்சில் ஏற்றினால், "கடைசியாக எவ்வளவு இருந்தது?" என்று கேட்பவருக்கு வீட்டார் "பதினாலு" என்பார்கள். அவர் அதை ஹீமோகுளோபின் என்று நினைப்பார். சுற்றியுள்ள எல்லோரும் ஓர் அலகில் பேசும்போது, நோயாளியின் கையில் மட்டும் வேறு அலகு இருப்பது நாளுக்கு நாள் ஒரு கணக்கை அவர்கள் தலையில் ஏற்றுகிறது. மறுநாள் உள்ளூர் மருந்துக்கடையில் மில்லிகிராமில் காட்டும் மெஷின் வாங்கினார்கள்.

பின்னர் நடந்தவை

தலைச்சுற்றல் இரண்டு வாரத்தில் நின்றது. இரவில் எழுவது ஒரு தடவையாகக் குறைந்தது. மே முடிவில் வெறும் வயிற்றுச் சுகர் 140களில் இருந்தது. புண் மூட ஏழு வாரம் ஆயிற்று. அந்தக் காலின் பெருவிரலிலும் குதிகாலிலும் நைலான் இழையால் தொட்டுப் பார்த்தபோது உணர்ச்சி குறைந்திருந்தது. பதினான்கு ஆண்டு நோயின் விளைவாகவே அது இருக்கும். முள் குத்தியது அவருக்கு ஏன் முதலில் தெரியவில்லை என்பதற்கும் அதுவே விடை. ஜூலை இறுதியில் எச்பிஏ1சி 8.0. அக்டோபரில் இருந்த இடத்துக்கு ஏறத்தாழத் திரும்பி வந்திருக்கிறோம்.

லண்டனில் இருக்கும் மகளுக்கு இதை யார் சொல்வது என்று வீட்டில் தயங்கினார்கள். நான் பேசினேன். அவர் முதலில் அழுதார். பிறகு, தன் தோழிகள் சிலரும் ஊருக்கு இப்படி மெஷின் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லி, அன்றே அவர்களை அழைத்துக் கேட்கத் தொடங்கினார்.

இப்போது மாற்றியிருப்பவை

தனி எண்ணை நான் அட்டையில் ஏற்றுவதில்லை. படம் கேட்கிறேன். அதில் முதலில் பார்ப்பது பெரிய எண்ணை அல்ல, அலகு தெரிகிறதா என்பதை. தெரியாவிட்டால், எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மறுபடம் வரும்வரை பதில் எழுதுவதில்லை. அடுத்துத் திரையில் உள்ள தேதியும் நேரமும். அவை படம் வந்த நேரத்தோடு பொருந்தவில்லை என்றால் மெஷின் வேறு நாட்டிலிருந்து வந்திருக்கலாம், அல்லது பழைய நினைவு அளவைப் படம் பிடித்திருக்கலாம். சில மெஷின்கள் பொத்தானை அழுத்தியதும் கடந்த ஏழு நாள் சராசரியை முதலில் காட்டும். அதையும் அன்றைய அளவென்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட திரையில் நாட்களின் எண்ணிக்கையோ சராசரிக்கான குறியோ ஒரு மூலையில் இருக்கும்.

படத்தை எந்தப் பக்கம் மேலாக வைத்து எடுத்தார்கள் என்பதையும் பார்க்கிறேன். கட்டை இலக்கங்களில் 1, 0, 2, 5 ஆகியவை தலைகீழாகவும் அதே உருவில் நிற்கும். 102 தலைகீழாக 201 ஆகிவிடும். அலகு எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தால் இதுவும் தெரிந்துவிடும்.

மருத்துவகத்தில் புதிய மெஷினோடு வருபவரிடம் அது எங்கே வாங்கியது என்று கேட்டு, முதல் வாரத்தில் ஒருமுறையாவது எங்கள் மெஷினோடு சேர்த்துக் குத்திப் பார்க்கிறோம். அட்டையில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு எழுத ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதை நிரப்புவது சில விநாடி வேலை.

காரணமில்லாமல் இறங்கிய சுகரைக் காரணமில்லாமல் ஏறிய சுகரைப் போலவே நடத்துகிறேன். மாத்திரை, உணவு, எடை எதுவும் மாறாமல் எண் நாற்பது, ஐம்பது குறைந்தால், "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதற்கு முன் வீட்டுக்கு அழைத்துப் பேசுகிறேன். ஆகஸ்டில் அப்படி ஒருவரை அழைத்தேன். அவருடைய மெஷின் மலேசியாவிலிருந்து வந்திருந்தது.